கேப்சர் கார்டு பதிவில் ஃப்ரேம்கள் விடுபடுகின்றன. ஓபிஎஸ் மட்டும் பூஜ்யம் என்கிறது

சலங்கை:

அனைவருக்கும் வணக்கம். பரதநாட்டிய வகுப்புகளைக் கேமராவின் எச்டிஎம்ஐ வெளியீட்டிலிருந்து கேப்சர் கார்டு வழியாக விண்டோஸ் மடிக்கணினியில் பதிவு செய்து, மாணவிகளுக்கு அனுப்பி வருகிறேன். ஓபிஎஸ்-இல் 1920x1080, நொடிக்கு 60 ஃப்ரேம் என்று அமைத்திருக்கிறேன். ஆனால் பதிவில் கை ஓரிடத்தில் நின்றுவிட்டு அடுத்த கணம் வேறிடத்தில் தோன்றுகிறது. மூன்றாம் காலத்தில் தட்டடவைப் பார்த்தால், பாதம் தரையைத் தொடும் கணமே சில இடங்களில் காணவில்லை. மாணவி பட்டுடையில் கேமராவை நெருங்கி வரும்போது இது அதிகமாகிறது.

ஓபிஎஸ்-இன் Stats பலகத்தில் விடுபட்ட ஃப்ரேம்களுக்கான எண்கள் அனைத்தும் பூஜ்யமாகவே இருக்கின்றன. கார்டின் பெட்டியில் யூஎஸ்பி 3.0 என்று அச்சிட்டிருக்கிறது. மடிக்கணினியிலும் நீலநிற போர்ட்டில்தான் செருகுகிறேன். கார்டுடன் வந்த கேபிள் குட்டையாக இருப்பதால், கைபேசி சார்ஜருடன் வந்த நீளமான டைப்-சி கேபிளைப் பயன்படுத்துகிறேன். பதிவு வெளிப்புற எஸ்எஸ்டி-யில் சேர்கிறது. கார்டும் எஸ்எஸ்டி-யும் ஒரே ஹப்பில் இருக்கின்றன. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

தணிகை:

காரணம் அந்த ஹப்தான் என்று நினைக்கிறேன். கார்டும் எஸ்எஸ்டி-யும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்வதால், கோப்பை எழுதும் நேரத்தில் படம் வருவதற்கு இடம் போதாமல் போகிறது. எஸ்எஸ்டி-யை வேறு போர்ட்டுக்கு மாற்றிவிட்டு, பதிவின் பிட்ரேட்டையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

முத்தரசி:

ஹப்பை விலக்கிச் சோதிக்கச் சொன்னது சரியே; ஆனால் தணிகை சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. யூஎஸ்பி 3.0-இல் கணினிக்குள் வரும் தகவலுக்கும் வெளியே போகும் தகவலுக்கும் தனித்தனிக் கம்பிகள் உண்டு. கார்டு உள்ளே அனுப்புகிறது, எஸ்எஸ்டி வெளியே வாங்குகிறது. ஆகவே இவை இரண்டும் பெரிதாக மோதிக்கொள்வதில்லை. பிட்ரேட்டைக் குறைப்பதாலும் பயனில்லை, ஏனெனில் அது படம் கணினிக்குள் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் வேலையைப் பற்றியது. ஓபிஎஸ் காட்டும் எண்களும் அப்படிப்பட்டவைதான். ரெண்டரிங், என்கோடிங், நேரலை இணைப்பு ஆகியவற்றில் விடுபட்டதை அது எண்ணுகிறது. கார்டிலிருந்து வந்து சேராத ஃப்ரேமை அது அறிவதேயில்லை. முந்தைய ஃப்ரேமையே மறுபடி எழுதிவிடுவதால் எல்லாம் பூஜ்யமாகத் தெரிகிறது.

எனக்கு ஐயம் அந்தக் கேபிளின் மீதுதான். கைபேசி சார்ஜர்களுடன் வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகளும் யூஎஸ்பி 2.0-க்கான கம்பிகளும் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட கேபிளை நீலநிற போர்ட்டில் செருகினாலும் கார்டு 2.0 வேகத்தில்தான் இணையும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

அழுத்தாத 1080p படம் YUY2 வடிவில் நொடிக்கு 60 ஃப்ரேம் வருவதற்கு ஏறத்தாழ 249 மெகாபைட் தேவை. யூஎஸ்பி 2.0-இல் நிலையான இடத்தை முன்பதிவு செய்து படம் அனுப்பும் ஒரு கருவிக்கு நொடிக்கு 24.5 மெகாபைட் அளவுக்கே கிடைக்கும். ஆகவே கார்டு ஒவ்வொரு ஃப்ரேமையும் MJPEG-ஆக அழுத்தி அனுப்புகிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்குச் சுமார் 400 கிலோபைட்தான் மிஞ்சும். இந்த வடிவம் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக அழுத்துவதால் ஆட்டத்தின் வேகம் அதன் அளவைக் கூட்டுவதில்லை. படத்திலுள்ள நுணுக்கமே கூட்டுகிறது. சரிகையும் பட்டின் நெசவும் திரையை நிரப்பும்போது ஃப்ரேம் பெருத்து அந்த வரம்பை மீறுகிறது. நெருங்கி வரும்போது சிக்கல் கூடுகிறது என்று நீங்கள் கவனித்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

உறுதிப்படுத்த, ஓபிஎஸ்-இல் அந்த வீடியோ சோர்ஸின் Properties-ஐத் திறந்து, Resolution/FPS Type என்பதை Custom ஆக்கி 1920x1080-ஐத் தேர்ந்துகொண்டு, FPS, Video Format ஆகிய பட்டியல்களைப் பாருங்கள். YUY2-க்கு 5 போன்ற சிறிய எண் மட்டும் இருந்து, 60 என்பது MJPEG-க்கு மட்டும் இருந்தால், கார்டு 2.0-இல் இணைந்திருக்கிறது என்று பொருள்.

சலங்கை:

நீங்கள் சொன்னபடியே இருந்தது, அம்மா. YUY2-க்கு 5 மட்டுமே காட்டியது. எஸ்எஸ்டி-யை ஹப்பிலேயே விட்டுவிட்டு, கார்டுடன் வந்த குட்டைக் கேபிளை மட்டும் மாற்றிச் செருகியதும் YUY2-க்கு 60 வந்துவிட்டது. சரிகையின் விளிம்பில் இருந்த கலங்கலும் மறைந்தது. தட்டடவில் பாதம் ஒவ்வொரு முறையும் தரையைத் தொடுகிறது. ஆனால் கேமரா கூடத்தின் நடுவில் நிற்க வேண்டியிருப்பதால் நீளம் எனக்குப் போதவில்லை. மூன்று மீட்டர் யூஎஸ்பி 3.0 கேபிள் வாங்கலாமா? மேலும், கால் நிமிடத்துக்கு ஒருமுறை மிகச் சிறிய துள்ளல் ஒன்று இன்னும் இருக்கிறது.

முத்தரசி:

யூஎஸ்பி பக்கத்தை நீட்டாதீர்கள். கார்டை மடிக்கணினிக்கு அருகிலேயே வைத்துவிட்டு எச்டிஎம்ஐ கேபிளை நீளமாக வாங்குங்கள். 1080p60-க்கு ஐந்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் தரமானதாக இருந்தால் தாராளமாகப் போதும். யூஎஸ்பி 3.0-இல் நீளம் கூடக் கூட சமிக்ஞை தேய்கிறது. முன்பதிவு முறையில் அனுப்பும் கார்டுகளில் பிழைபட்ட தகவலை மறுபடி கேட்டு வாங்கும் ஏற்பாடும் இல்லை. எனவே கேபிளின் குறை நேரடியாக ஃப்ரேம் இழப்பாகவே தெரியும். அப்போது வேகம் 3.0 என்றே காட்டும் என்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

மிஞ்சிய துள்ளலுக்கும் யூஎஸ்பி-க்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறேன். பல கேமராக்கள் 60 என்று சொல்லிக்கொண்டு உண்மையில் 59.94 அனுப்புகின்றன. ஓபிஎஸ் 60-இல் ஓடினால் சுமார் 17 நொடிக்கு ஒரு ஃப்ரேம் குறையும். அதை நிரப்ப முந்தையது இரட்டிக்கப்படும். Settings-இல் Video பகுதியில் 59.94-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

பாரி:

எனக்கும் இதே சிக்கல்தான். லினக்ஸில் இரண்டு கேப்சர் கார்டுகளை ஒரே 3.0 ஹப்பில் வைத்திருக்கிறேன். முதல் கார்டு நன்றாக ஓடுகிறது. இரண்டாவதைத் தொடங்கினால் `No space left on device` என்று வருகிறது. வட்டில் 300 ஜிபி காலியாக இருக்கிறது. வேறு பார்ட்டிஷனுக்கு மாற்றியும் பயனில்லை. ஹப் சரியான வேகத்தில்தான் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

முத்தரசி:

உங்களுடையது வேறு சிக்கல், பாரி. அந்தச் செய்தி வட்டைப் பற்றியதன்று. இரண்டாவது கார்டு கேட்கும் இடத்தை யூஎஸ்பி-யில் ஒதுக்க முடியவில்லை என்று கர்னல் சொல்கிறது. YUY2-இல் இரண்டு கார்டுகளுக்குச் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 498 மெகாபைட் தேவைப்படும். 5 ஜிகாபிட் இணைப்பில் குறியீட்டுச் செலவு போக ஏட்டளவில் 500 கிடைத்தாலும், நடைமுறையில் 400-ஐ ஒட்டியே வரும். இரண்டையும் NV12 வடிவுக்கு மாற்றினால் தேவை சுமார் 373 ஆகக் குறையும். அது எல்லையை ஒட்டியது, உறுதி சொல்ல மாட்டேன். இரண்டும் ஓடும்படி செருகிவிட்டு முதலில் இதைப் பாருங்கள்:

```
lsusb -t
```

ஒவ்வொரு கார்டின் வரியின் இறுதியிலும் 5000M இருக்க வேண்டும். 480M என்று இருந்தால் கேபிளையோ ஹப்பையோதான் முதலில் மாற்ற வேண்டும்.

பாரி:

இரண்டும் 5000M என்றே காட்டுகின்றன. NV12-இல் இரண்டும் தொடங்கின. ஆனால் சில நிமிடங்களில் இரண்டாவது நின்றுவிடுகிறது. மடிக்கணினியில் மற்றொரு 3.0 போர்ட் இருக்கிறது, அதில் இப்போது வலைக்கம்பி அடாப்டர் இருக்கிறது.

முத்தரசி:

அடாப்டரை ஹப்புக்கு மாற்றிவிட்டு இரண்டாவது கார்டை அந்த போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். அப்போதும் நின்றால், அது நின்ற கணத்தில் `dmesg` காட்டும் கடைசி வரிகளை இங்கே இடுங்கள். ஹப்பின் மின்சாரம் போதாமல் கார்டு துண்டிக்கப்படுகிறதா, இடம் போதாமல் நிற்கிறதா என்பதை அவற்றைப் பார்க்காமல் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

தணிகை:

எஸ்எஸ்டி பற்றிய விளக்கத்துக்கு நன்றி. என் பழைய மடிக்கணினியில் எல்லாம் 2.0 போர்ட்டுகள், அங்கே எஸ்எஸ்டி-யைப் பிரித்தபோது பதிவு சீரானது. அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

முத்தரசி:

2.0-இல் அது முற்றிலும் சரி. அங்கே வருவதற்கும் போவதற்கும் ஒரே இணைக் கம்பிதான்.