மாங்கூழ் டின் லேபிளுக்கு என் படம்: எவ்வளவு கேட்கலாம்?

தோப்புக்காரன், கிருஷ்ணகிரி: எங்கள் தோப்பில் நான் எடுத்த பெங்களூரா மாம்பழப் படத்தை ஒரு மாங்கூழ் ஆலை லேபிளில் அச்சிடக் கேட்கிறது. 15,000 ரூபாய் தருகிறார்கள். நாளை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இது சரியான தொகையா?

தகடூர் லென்ஸ்: எத்தனை ஆண்டுக்கு, எங்கே விற்கும் டின்னுக்கு, வேறு யாருக்கும் தரக்கூடாது என்கிறார்களா? இவற்றைச் சொல்லாமல் தொகை கேட்பது, சென்ட் கணக்குச் சொல்லாமல் நிலத்துக்கு விலை கேட்பதுதான். வாரம் ஒருவர் இப்படியே வருகிறார்.

பரிசல்துறை: நான் எடுத்த ஒகேனக்கல் அருவிப் படத்தை 2,000 ரூபாய்க்கு ஒரு விடுதிக்குக் கொடுத்தேன். காலத்தை எழுதாததால் அது என்றென்றைக்கும் அவர்களுடையதாகிவிட்டது.

அச்சகத்து அக்கா: அப்படி ஆகாது, தம்பி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையையே மாற்றிக் கொடுக்கும்போது காலம் எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை எழுதப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். 30ஏ பிரிவு அதையே, பயன்படுத்த மட்டும் அனுமதிக்கும் உரிமத்துக்கும் பொருத்துகிறது. "எக்காலத்துக்கும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால்தான் சிக்கல்.

தோப்புக்காரன்: மூன்று ஆண்டு, இந்தியாவும் வளைகுடா நாடுகளும், "முழு உரிமை" என்று மின்னஞ்சலில் இருக்கிறது.

அச்சகத்து அக்கா: என் கணக்கைச் சொல்கிறேன், மற்றவர்கள் வேறுவிதமாகப் போடலாம். ஒரே லேபிள், ஓராண்டு, இந்தியா, தனியுரிமை இல்லை என்றால் 6,000. மூன்றாண்டுக்கு மும்மடங்கு கேட்பதில்லை, இரண்டரை மடங்காக 15,000. வளைகுடாவுக்குப் பாதி கூட்டினால் 22,500. மாங்கூழுக்கு மட்டும் தனியுரிமை என்றால் இருமடங்கு, 45,000. எல்லாப் பொருளுக்கும் என்றால், காலண்டர்காரரும் பழச்சாறுக்காரரும் இனி உங்களிடம் வாங்க முடியாது என்பதால் அதற்கும் மேல். "முழு உரிமை" என்ற சொல்லை நீக்கச் சொல்லுங்கள். காலம் முடிந்தபின் புதிதாக அச்சிடக் கூடாது, அடைத்து வைத்த டின்களை ஆறு மாதத்துக்குள் விற்கலாம் என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் கிடங்குச் சரக்கை வைத்தே சண்டை வரும்.

தகடூர் லென்ஸ்: ஆலை கேட்டு எடுத்த படமென்றால் 17ஆம் பிரிவுப்படி உரிமையே ஆலைக்குத்தான். அதை ஒருவரும் கேட்கவில்லை.

அச்சகத்து அக்கா: பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், அதுவும் மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால். இவர் தாமாக எடுத்து வைத்திருந்தார்.

தகடூர் லென்ஸ்: அதே தோப்பில் கோணத்தை மாற்றி இன்னொன்று எடுத்துத் தரச் சொன்னால்?

அச்சகத்து அக்கா: அது புதுப் படம், அதற்கு முன்கூட்டியே தனி ஒப்பந்தம் வேண்டும்.

தகடூர் லென்ஸ்: பழைய படத்தின் சாயல்தானே, எப்படிப் புதிதாகும்?

தோப்புக்காரன்: ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சென்ற ஆண்டு இதே படத்தை ஒரு படவிற்பனைத் தளத்தில் ஏற்றினேன், இருவர் வாங்கியிருக்கிறார்கள்.

அச்சகத்து அக்கா: அப்படியானால் தனியுரிமை தருவதாக எழுதாதீர்கள். இன்று தளத்திலிருந்து நீக்கினாலும் அந்த இருவரின் உரிமம் போகாது. அவர்களில் ஒருவர் மாங்கூழ் விற்பவராக இருந்தால் வாக்குத் தவறியவர் நீங்கள்தான். ஆலையிடம் மறைக்காமல் சொல்லி 22,500 கேளுங்கள்.

தோப்புக்காரன்: சொன்னேன், அக்கா. ஏற்றுமதி டின்னுக்கு ஓவியம் போட்டுக்கொள்கிறார்களாம். மூன்றாண்டு, இந்தியா மட்டும், தனியுரிமை இல்லை என்று எழுதி அதே 15,000க்கு முடிந்தது.