ஷோர்ட்ஸ் வீடியோவுக்கு எத்தனை ஹேஷ்டேக், எங்கே போடுவது?

தயிர்ச்சட்டி (கேட்டவர்)

வணக்கம். எங்கட மாமா படுவான்கரையில் எருமை வளர்க்கிறார். பால் காய்ச்சி, உறை ஊற்றி, மண்சட்டியில் தயிராவது வரை 42 செக்கன் வீடியோ ஒன்று எடுத்து யூடியூப் ஷோர்ட்ஸில் போட்டேன். மச்சாள் சொன்னாள், ஹேஷ்டேக் கூடப் போட்டால்தான் ஓடும் என்று. அதனால் டைட்டிலில் 8, விபரத்தில் 23, பிறகு முதல் கொமென்டிலும் 15 போட்டேன். டைட்டில் இப்படி:

```
#shorts #viral #trending #srilanka #food #tamil #curd #எருமை தயிர்
```

10 நாளில் 1,840 பேர் பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டது. எத்தனை போட வேண்டும்? டைட்டிலிலா, கீழேயா, கொமென்டிலா?

வாவிக்கரையான்

தங்கச்சி, 15க்கு மேல் போனால் யூடியூப் ஒன்றையும் கணக்கில் எடுக்காது. அதுதான் உங்கட பிரச்சினை. 15ஆகக் குறைத்துப் போடுங்கள், சரியாகிவிடும். #shorts மட்டும் கட்டாயம், அது இல்லாவிட்டால் ஷோர்ட்ஸாகவே எடுக்காது.

மருதமுனைக் கைத்தறி

நான் சாரி விற்கிறவன், டிக்டொக்கில்தான் போடுவேன். முதலில் #saree என்று போட்டேன். இந்தியாவில் இருந்து ஒரே கொமென்ட், ஒருவரும் வாங்கவில்லை. பிறகு ஊர்ப் பெயரைப் போட்ட நாளில் இருந்து அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் எல்லாம் கோல் எடுக்கிறார்கள். எனக்குத் தேவை பார்வை இல்லை, வாங்குகிற ஆள். தங்கச்சி தயிர் விற்கிறீர்களா, சும்மா போடுகிறீர்களா?

கல்முனை எடிட்டர்

அண்ணன் சொன்ன 15 பழைய கணக்கு. இப்போது யூடியூப் வைத்திருக்கும் வரம்பு 60. அதைத் தாண்டினால் அந்த வீடியோவில் இருக்கும் அத்தனை ஹேஷ்டேக்கையும் விட்டுவிடும். தங்கச்சி போட்டது 31தான், அதனால் எல்லாம் கணக்கில்தான் இருக்கிறது. கொமென்டில் போட்ட 15 மட்டும் வீண், யூடியூப் பார்ப்பது டைட்டிலையும் விபரத்தையும்தான். #shorts இப்போது தேவையில்லை. நிமிர்ந்த அல்லது சதுர வீடியோவாக, 3 நிமிடத்துக்குள் இருந்தால் அது தானாகவே ஷோர்ட்ஸ்.

வரம்பு 60 என்பதற்காக 60 போடச் சொல்லவில்லை. சம்பந்தமில்லாததைப் போட்டால் வீடியோவையே எடுத்துவிடலாம் என்று அவர்களின் விதியிலேயே இருக்கிறது.

ஆனால் எண்ணிக்கையை விடப் பெரிய பிழை உங்கட டைட்டிலில் இருக்கிறது. போனில் உங்கட வீடியோவைத் திறந்து, கீழே டைட்டில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். #shorts #viral #trending என்ற மூன்று சொல்தான் முன்னுக்கு நிற்கும். தயிர் என்ற சொல் கடைசியில் கிடக்கிறது. பார்ப்பவனுக்கு இது என்ன வீடியோ என்றே தெரியாது, தேடுகிறவனுக்கும் அதே கதைதான்.

இன்னொன்று. ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் பார்வை எங்கிருந்து வந்தது என்று பார்த்து எழுதுங்கள். Shorts feed, YouTube search, Hashtag pages என்று தனித்தனியாகக் காட்டும்.

தயிர்ச்சட்டி

பார்த்தேன் அண்ணன். Shorts feed 1,702. YouTube search 96. Hashtag pages 11. மீதி 31.

மருதமுனை நானா, விற்கிறோம். மட்டக்களப்பு டவுனில் இரண்டு கடைக்குக் கொடுக்கிறோம்.

கல்முனை எடிட்டர்

பாருங்கள், 31 ஹேஷ்டேக் கொண்டுவந்தது 11 பேரை. #viral பக்கத்தைத் திறந்து அதற்குள் தயிர் தேடுகிறவன் யார் இருக்கிறான்? தேடலில் வந்த 96 பேர்தான் உங்கட ஆட்கள். Shorts feedஇல் ஓடுவது வேறு விசயம். முதல் ஓரிரு செக்கனில் தள்ளிவிடுகிறார்களா, நின்று பார்க்கிறார்களா என்பதுதான் அங்கே பேசும். உங்கட வீடியோவில் முதலில் வருவது மாமா வீட்டுப் படலை என்றால், ஹேஷ்டேக்கால் அதைக் காப்பாற்ற முடியாது.

இனி தமிழில் போடுகிறவர்கள் அடிக்கடி விடுகிற பிழை. `#எருமை தயிர்` என்று இடைவெளி விட்டிருக்கிறீர்கள். ஹேஷ்டேக் இடைவெளியோடு முடிந்துவிடும். அதை அழுத்திப் பாருங்கள், #எருமை பக்கத்துக்குத்தான் போகும், தயிர் வெளியே நிற்கும். `#எருமைத்தயிர்` என்று சேர்த்து எழுதுங்கள். வேற்றுமை உருபும் ஒட்டக்கூடாது. `#மட்டக்களப்பில்` என்று வசனத்துக்குள் போட்டால் அது `#மட்டக்களப்பு` இல்லை, தனி ஹேஷ்டேக். அந்தப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். வசனத்தைச் சாதாரணமாக எழுதி, ஹேஷ்டேக்கைக் கடைசியில் தனியாக வையுங்கள்.

நான் என்றால் டைட்டிலை இப்படி மாற்றுவேன்:

```
மட்டக்களப்பு எருமைத் தயிர் சட்டியில் உறைவது எப்படி?
```

விபரத்தில் இரண்டு வசனம். எருமைத் தயிர், buffalo curd என்று ஆட்கள் தேடும் இரண்டு விதமும் அதில் இருக்கட்டும். கீழே மூன்று:

```
#எருமைத்தயிர் #மட்டக்களப்பு #batticaloa
```

மூன்று என்று சொல்வதற்குக் காரணம், சாதாரண வீடியோவில் விபரத்தில் இருப்பதில் மூன்று வரைதான் டைட்டிலின் பக்கத்தில் காட்டுவார்கள். ஷோர்ட்ஸில் விபரத்தைத் திறந்தால்தான் ஹேஷ்டேக் கண்ணில் படும். நான்கு போட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. நான்காவதாகப் போட உண்மையில் ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கிழக்குச் சீமை

நீங்கள் யாரும் டேக் பெட்டியைச் சொல்லவில்லையே? ஸ்டூடியோவில் tags என்று ஒன்று இருக்கிறது, 500 எழுத்து வரை போடலாம். நான் எப்போதும் நிரப்பிவிடுவேன்.

கல்முனை எடிட்டர்

அது ஹேஷ்டேக் இல்லை, பார்ப்பவருக்குத் தெரியாத வேறு பெட்டி. ஆட்கள் பிழையாக எழுதித் தேடும் சொல்லுக்குத்தான் அது உதவும். `மட்டகளப்பு` என்று க் இல்லாமல் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! அதை அங்கே போடலாம், அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

வாவிக்கரையான்

சரி, 60 என்று நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் இன்ஸ்டகிராமில் 30 போட்டு, முதல் கொமென்டில் வைப்பதுதான் நல்லது. நான் வருசக்கணக்காய்ச் செய்கிறேன்.

கல்முனை எடிட்டர்

முன்பு 30 போட விட்டார்கள்தான். 2025 டிசம்பரில் 5ஆகக் குறைத்துவிட்டார்கள். கொமென்டில் வைக்காமல் கப்ஷனிலேயே வைக்கச் சொன்னதும் அவர்கள்தான். டிக்டொக்கும் இப்போது 5தான். மூன்று இடத்துக்கும் ஒரே வீடியோவைப் போடுகிறவருக்கு இந்த மூன்றே எல்லா இடத்திலும் போதும்.

வாவிக்கரையான்

கொமென்டில் வைத்தால் கப்ஷன் துப்புரவாக இருக்கும் தம்பி. அதை நான் விடமாட்டேன்.

மருதமுனைக் கைத்தறி

தங்கச்சி, எந்தக் கடையில் கிடைக்கும் என்று விபரத்தில் எழுதுங்கள். #viralஐ விட அது பெரிது.

தயிர்ச்சட்டி

எட்டு நாள் கழித்து வருகிறேன். பழைய வீடியோவின் டைட்டிலை மாற்றினேன், திரும்ப ஏற்றவில்லை, எடிட் செய்தேன். அதன் Shorts feed அசையவே இல்லை. தேடல் மட்டும் 96இல் இருந்து 127. புதிதாக ஒன்றும் போட்டேன், இந்த முறை சட்டியைக் கவிழ்த்தும் தயிர் விழாத காட்சியை முன்னுக்கு வைத்து, அதே மூன்று ஹேஷ்டேக்கோடு. ஆறு நாளில் 5,200. Hashtag pages அதிலும் 9தான்.

அப்போ ஓடியது சட்டியாலா, டைட்டிலாலா?

கல்முனை எடிட்டர்

இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எப்படித் தெரியும் தங்கச்சி? அடுத்ததில் சட்டியை அப்படியே விட்டு, பழைய மாதிரி டைட்டில் போட்டுப் பாருங்கள். எனக்கு என்றால் சட்டியில்தான் சந்தேகம்.

கிழக்குச் சீமை

கவிழ்த்தும் விழாதா? அந்தக் கடை எங்கே என்று சொல்லுங்கள்.