இயக்குநர் குறிப்பு: கதையை உடைக்காமல் பார்வையாளரைத் தயார்ப்படுத்துவது எப்படி? (அனுபவப் பகிர்வு)

ஒத்திகைக்கூடம்: இப்சனின் ‘பொம்மை வீடு’ தமிழில் மேடையேறுகிறது. கையேட்டில் இயக்குநர் குறிப்புக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும்? இதில் கைதேர்ந்தவர்கள் சொல்லுங்கள்.

அரங்கன்: முதல் அங்கத்தில் வருவதை எல்லாம் தாராளமாகச் சொல்லலாம். இடைவேளைக்குப் பிறகு வருவதைத் தொடாதீங்க. அவ்வளவுதான்.

பிரதிப்பித்தன்: அந்த அளவுகோல் பல நாடகங்களுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. நோரா ரகசியமாகக் கடன் வாங்கியதும், அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டதும் முதல் அங்கத்திலேயே வெளிவந்துவிடுகின்றன. பலகாரத்தை ஒளித்துத் தின்னும் விளையாட்டுப் பெண் என்று நாம் நினைத்தவள், தோழியிடம் கடன் கதையைச் சொல்லும்போது வேறு ஆளாகத் தெரிவாள். குறிப்பில் ‘கணவனைக் காக்கக் கடன்பட்ட நோரா’ என்று எழுதிவிட்டால் அந்தத் திருப்பம் செத்துப்போகும்.

மேடையில் நடப்பதை விட்டுவிட்டு, மேடைக்கு வெளியே அந்தப் பாத்திரங்களுக்குத் தெரிந்திருந்து நமக்குத் தெரியாததை எழுதுங்கள். இது 1879இல் வந்த நாடகம். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்று ஒரு பாத்திரமே போகிறபோக்கில் சொல்லும். அந்த ஒரு வரியைத் தவறவிட்டவர், ‘வீட்டில் சொல்லிவிட்டு பேங்கில் லோன் போட்டிருக்கலாமே’ என்று கடைசிவரை குழம்பிக்கொண்டிருப்பார். ஆகவே இப்படித் தொடங்கலாம்: “இந்த நாடகம் எழுதப்பட்ட காலத்து நார்வேயில், மணமான பெண் தன் கணவனைக் கேட்காமல் கடன் வாங்க முடியாது. கிறிஸ்துமஸ் நேரம். இந்த வீட்டுத் தலைவருக்கு வங்கியில் மேலாளர் பதவி கிடைத்திருக்கிறது, புத்தாண்டில் பொறுப்பேற்கிறார்.” இதில் சட்டம் இருக்கிறது, அதை மீறியது யார் என்பது இல்லை.

செங்கல்பட்டு ராகம்: எங்கள் பள்ளியில் கோவலன் கண்ணகி போடுகிறோம். முடிவு ஊருக்கே தெரியும். அதையும் மறைக்கணுமா?

பிரதிப்பித்தன்: வேண்டாம். அங்கே ‘என்ன நடக்கும்’ என்பதில் மர்மமே இல்லை. நீங்கள் எந்தக் காண்டத்தில் தொடங்குகிறீர்கள், எதை விட்டீர்கள் என்று எழுதுங்கள். வஞ்சிக் காண்டத்தை விட்டிருந்தால் அதைச் சொல்லாவிட்டால், சேரன் எப்போது வருவான் என்று காத்திருப்பார்கள்.

மைக்செட்: இங்க பெரிய தொல்லை குறிப்பு இல்லீங்க, தொடக்கத்துல வாழ்த்திப் பேச வர்றவர். மைக்கைப் பிடிச்சு முழுக் கதையையும் சொல்லிடுவார்.

ஒத்திகைக்கூடம்: கேட்டது அச்சுக் குறிப்பைப் பற்றி. ஆனாலும் நல்ல எச்சரிக்கை. அவருக்கும் அதே குறிப்பைக் கொடுத்து, இதைத் தாண்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஈயெழுத்து: கையேடு வடிவமைக்கிறவள் என்பதால் சொல்கிறேன். விளக்கு அணையும் முன் மங்கிய வெளிச்சத்தில் படிப்பார்கள். 150 சொல் போதும், 200ஐத் தாண்டினால் பாதியில் மூடிவிடுவார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டாம்.

அதைவிட முக்கியம் நடிகர் பட்டியல். குறிப்பில் பொத்திப் பொத்தி எழுதிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ‘குரோக்ஸ்டாட் – கடன் கொடுத்தவர்’ என்று போட்டால் எல்லாம் வீண். ‘வங்கி ஊழியர்’ என்றே போடுங்கள். அட்டைப்படமும் அப்படித்தான். திறந்த கதவும் பெட்டியுமாக ஒரு படம் போதும், கடைசிக் காட்சி முடிந்தது.

அரங்கன்: ஜெர்மனியில் மேடையேற்ற இப்சனே முடிவை மாற்றி எழுதிக் கொடுத்தாரே, அந்த சுவாரசியமான தகவலைச் சேர்க்கலாமா?

பிரதிப்பித்தன்: தகவல் சரி. ஆனால் முடிவு மாற்றப்பட்டது என்றாலே, அசல் முடிவு யாரையோ கொதிக்க வைத்தது என்று புரிந்துவிடும். முதல் அங்கத்திலிருந்தே அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில், ‘நாடகம் முடிந்தபின் படிக்க’ என்று தலைப்பிட்டுப் போடுங்கள்.

‘விடுதலை’, ‘விழிப்பு’, ‘தன்னை உணர்தல்’ போன்ற சொற்களையும் தவிர்க்கலாம். அவை கருப்பொருள் மாதிரித் தெரியும், உண்மையில் கதையின் போக்கையே காட்டிக்கொடுக்கும்.

ஈயெழுத்து: சோதிக்க ஒரு வழி: நாடகம் தெரியாத இரண்டு பேரிடம் குறிப்பை மட்டும் கொடுத்து, முடிவு என்னவாக இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். இருவரும் ஒரே மாதிரி, அதுவும் சரியாக எழுதினால் திருத்த வேண்டும். கூடவே, ‘எதைக் கவனித்துப் பார்ப்பீர்கள்?’ என்றும் கேளுங்கள். பதிலே வராவிட்டால் குறிப்பு மறைத்ததே தவிர, தயார்ப்படுத்தவில்லை.

மைக்செட்: இவ்வளவு பழைய நாடகத்துக்கு இத்தனை பாதுகாப்பு எதுக்கு? படிச்சவங்க எல்லாருக்கும் முடிவு தெரியுமே.

பிரதிப்பித்தன்: தமிழில் முதல்முறையாகப் பார்க்க வருபவருக்குத் தெரியாது. குறிப்பு அவருக்குத்தான்.

மைக்செட்: எனக்கு அது ஒப்பவில்லை. தெரிஞ்சவங்களுக்கும் நாலு வரி வேணும்.

ஒத்திகைக்கூடம்: இன்னொன்று. இரண்டாம், மூன்றாம் அங்கங்களில் தற்கொலை எண்ணம் பற்றிய பேச்சு வருகிறது. எச்சரிக்கை போட்டால் ரகசியம் கசியும், போடாவிட்டால் சிலருக்குக் கஷ்டம். அதை எங்கே வைப்பீர்கள்?

ஈயெழுத்து: குறிப்புக்குள் வேண்டாம். டிக்கெட் கொடுக்குமிடத்தில், ‘விவரம் வேண்டுவோர் கேட்கவும்’ என்று ஒரு அட்டை வைக்கிறார்கள். ஆனால் கூச்சப்பட்டுக் கேட்காமல் போகிறவர்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.