பேட்டரி 3.6 வோல்ட் என்று காட்டியபடியே சென்சார்கள் மௌனமாகிவிடுகின்றன: முன்கூட்டியே எப்படிக் கண்டறிவது?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். தொலைவான களங்களில் மண் ஈரப்பதம் அளக்கும் 60 லோராவான் சென்சார்களை நான் கவனித்துவருகிறேன். ஒவ்வொன்றும் மணிக்கொரு முறை ஹார்ட்பீட் செய்தியோடு பேட்டரி வோல்ட்டேஜையும் அனுப்பும். வோல்ட்டேஜ் 3.3-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை வரும்படி அமைத்திருந்தும், அது ஒருமுறைகூட வராமலேயே மூன்று கருவிகள் மௌனமாகிவிட்டன. டாஷ்போர்டில் அவை இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. அதே கேட்வே வழியாக மற்றவற்றின் செய்திகள் ஒழுங்காக வருவதால் கேட்வேயில் பழுதில்லை என்று கருதுகிறேன். பேட்டரி, லித்தியம் தயோனைல் குளோரைடு வகை. ஒரு கருவியின் கடைசிப் பதிவுகள்:

```
02:10  fcnt=4180  batt=3.61
03:10  fcnt=4181  batt=3.60
05:12  fcnt=0     batt=3.61
06:12  fcnt=1     batt=3.61
```

செந்தில்

டாஷ்போர்டு கடைசியாக வந்த மதிப்பைக் காட்டுகிறதே தவிர, அது எப்போது வந்தது என்பதைக் காட்டவில்லை. பச்சையாக நிற்பதற்கு அதுவே காரணம். எச்சரிக்கை எல்லையை 3.5 வோல்ட்டுக்கு உயர்த்தினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

மரகதம்

என் நீர்மட்டக் கருவிகள் சூரியத் தகட்டோடு லித்தியம் அயான் பேட்டரியில் இயங்குகின்றன. நண்பகல் அளவை நான் பொருட்படுத்துவதில்லை. விடியலுக்கு முந்தைய மிகக் குறைந்த அளவு நாளுக்கு நாள் இறங்குகிறதா என்றுதான் பார்ப்பேன். உங்களுக்கும் அதுவே உதவக்கூடும்.

அருள்மொழி

மரகதம் அவர்களின் முறை மறுமின்னேற்றம் செய்யும் பேட்டரிக்குப் பொருந்தும். இளவேனிலின் பேட்டரி ஏறக்குறைய ஆயுள் முடியும்வரை 3.6-ஐ ஒட்டியே நின்று, கடைசியில் சட்டென்று சரியும் வகை. ஆகவே எல்லையை 3.5 ஆக்குவதால் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

பதிவில் கவனிக்க வேண்டியது, செய்திகளின் வரிசை எண்ணான `fcnt`. 4181-க்குப் பிறகு அது 0 ஆகியிருப்பதால், கருவி மறுதொடக்கமாகி வலையமைப்பில் புதிதாக இணைந்திருக்கிறது. இவ்வகை பேட்டரி நெடுநேரம் மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே இருந்தால் உள்ளே லித்தியத்தின் மேல் ஒரு படலம் படியும். செய்தி அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் திடீரென்று உயரும்போது அந்தப் படலத்தால் வோல்ட்டேஜ் சற்று நேரம் சரியும். குளிரில் இன்னும் கூடுதலாகச் சரியும். உங்கள் கருவி அந்தச் சரிவில்தான் அணைந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஓய்வு நிலையில் அளந்த 3.61 இதைக் காட்டாது. மென்பொருளை மாற்ற இயலுமானால், செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டேஜை அளந்து, அடுத்த செய்தியில் அனுப்பச் செய்யுங்கள்.

மௌனத்தைக் கண்டறிய, வந்த செய்திகளிலிருந்து தொடங்காமல் பதிவு செய்யப்பட்ட கருவிகளின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அப்போதுதான் ஒருமுறைகூடப் பேசாத கருவியும் அகப்படும்:

```sql
SELECT d.id, max(u.ts) AS last_seen
FROM devices d
LEFT JOIN uplinks u ON u.device_id = d.id
GROUP BY d.id
HAVING max(u.ts) IS NULL
    OR max(u.ts) < now() - interval '5 hours';
```

ஐந்து மணி நேரம் என்றதற்குக் காரணம் உண்டு. பத்தில் ஒரு செய்தி வழியில் தொலைகிறது என்று கொண்டால், 60 கருவிகளின் 1440 தினசரிச் செய்திகளில், தொடர்ந்து மூன்று தவறும் நிகழ்வு நாளுக்கு ஒன்றுக்கு மேல் வரும். நாளடைவில் அந்த எச்சரிக்கையை யாரும் பார்க்கமாட்டார்கள். தொடர்ந்து ஐந்து தவறுவதோ இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை அளவில்தான் நிகழும். கனமழையிலோ கேட்வே நின்றாலோ பல செய்திகள் சேர்ந்தே தொலையும் என்பதால், இந்தக் கணக்கைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.

செந்தில்

அப்படியானால் `fcnt` 0 ஆவதையே எச்சரிக்கையாக வைத்தால் போதாதா?

அருள்மொழி

வைக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. சில கருவிகள் பழைய இணைப்பை நினைவகத்தில் சேமித்துவைப்பதால், மறுதொடக்கமானாலும் எண் தொடரும். மேலும் பராமரிப்புக்காகப் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் எண் 0 ஆகலாம்.

இளவேனில்

மிக்க நன்றி. மற்ற இரண்டின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் எண் 0 ஆகவில்லை. மௌனத்துக்கு முந்தைய நாட்களில் 911, 914, 919 என்று இடைவெளி விட்டு வந்திருக்கிறது.

அருள்மொழி

அந்தக் கருவி எண்ணிக்கையை விடாமல் அனுப்பியிருக்கிறது. செய்திகள்தாம் கேட்வேயை எட்டவில்லை. பேட்டரியை மாற்றும் முன் ஆண்டெனா இணைப்பையும், பயிரோ புதரோ வளர்ந்து மறைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைசிச் செய்திகளின் சிக்னல் வலிமை படிப்படியாகக் குறைந்திருந்தால் இது உறுதியாகும்.

இளவேனில்

ஆம், சிக்னல் வலிமை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மூன்றாவது கருவியில் மட்டும் எந்த முன்னறிகுறியும் இல்லை. எண் சீராக ஏறி, சிக்னலும் நன்றாக இருந்து, ஒரே நாளில் நின்றிருக்கிறது. நீர் புகுந்திருக்குமா, யாரேனும் எடுத்துச் சென்றிருப்பார்களா என்பதைக் களத்தில் பார்த்த பிறகே எழுத முடியும்.