ஜேஆர்எஃப் வாங்கினால் ஆய்வகத்தில் சயின்டிஸ்ட் ஆகிவிடலாமா?

நெட்_வாத்தியார் எழுதியது: "எம்எஸ்சி பிள்ளைகளே, மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் வாங்கிவிட்டால் அரசு ஆய்வக வேலை பாதி கையில். ஐந்து வருடம் மாதாமாதம் பணம், அப்புறம் அங்கேயே சயின்டிஸ்ட். வயது வரம்பையும் உள்ளே இருப்பவர்களுக்குத் தளர்த்திக் கொடுப்பார்கள்."

பழைய_எஸ்ஆர்எஃப்: பாதி கையில் என்றால் மீதி யார் கையில் என்று சொல்லியிருக்கலாம், வாத்தியாரே. பணம் வருவது உண்மைதான். 2023ல் இருந்து, சேர்ந்த முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் அது முனைவர் பட்டம் படிக்கக் கொடுக்கும் உதவித்தொகை. பிஎஃப் இல்லை, ஓய்வூதியக் கணக்கு இல்லை, பணி மூப்பும் இல்லை. சயின்டிஸ்ட் பதவிக்கு ஆய்வகம் தனியாக விளம்பரம் கொடுக்கும். அதில் நெட் மதிப்பெண்ணைக் கேட்கவே மாட்டார்கள். முனைவர் பட்டமோ எம்டெக்கோ கேட்பார்கள், பொதுப் பிரிவுக்கு வயது 32 தாண்டக் கூடாது என்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தளர்வு என்று எந்த விளம்பரத்தில் பார்த்தீர்கள்?

நெட்_வாத்தியார்: விளம்பரத்தைப் படிக்கத் தெரியாமல் பேசவில்லை. என் மாணவர் ஒருவர் 34 வயதில் சயின்டிஸ்ட்டாகச் சேர்ந்தார். அதே ஆய்வகத்தில்தான் ஜேஆர்எஃப்பாக இருந்தார். தளர்வு இல்லாமல் எப்படிச் சேர்ந்தார்?

பழைய_எஸ்ஆர்எஃப்: ஓபிசிக்கு ஒதுக்கிய இடமாக இருந்தால் மூன்று வருடத் தளர்வு உண்டு. 32ம் 3ம் 35. உங்கள் மாணவர் 34. இதில் என்ன அதிசயம்? உள்ளே இருப்பவர் என்ற தளர்வு சிஎஸ்ஐஆர், அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்களில் வேலை பார்க்கும் நிரந்தரப் பணியாளருக்கு. ஜேஆர்எஃப் நிரந்தரப் பணியாளர் இல்லை.

நெட்_வாத்தியார்: எப்படியோ 34ல் சேர்ந்தார் அல்லவா? அதைத்தான் சொன்னேன்.

மீனா_எம்எஸ்சி: சார், அப்போ நான் 32 வயது வரைக்கும் நெட் எழுதலாமா? இப்போது வேதியியல் முதல் வருடம். வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள்.

பழைய_எஸ்ஆர்எஃப்: அம்மா, அது வேறு, இது வேறு. 32 என்பது படித்து முடித்த பிறகு சயின்டிஸ்ட் பதவிக்கு. ஜேஆர்எஃப்புக்கு வரம்பு அதைவிடக் குறைவு, தேர்வு அறிவிப்பில் இருக்கும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பு இல்லை. இதில் உன்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஜேஆர்எஃப்பில் பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு தருவார்கள். சயின்டிஸ்ட் பதவிக்குப் பெண் என்பதற்காக மட்டும் அந்தத் தளர்வு கிடையாது. தாமதமாக உள்ளே விட்டுவிட்டு, வெளியே போகும்போது கதவைச் சரியான நேரத்துக்குச் சாத்துவார்கள்.

கல்பாக்கம்_எஸ்ஓ: இதனால்தான் நான் ஜேஆர்எஃப் பக்கமே போகவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையமான பார்க்கின் பயிற்சிப் பள்ளியில் எம்எஸ்சி முடித்த கையோடு சேர்ந்தேன். ஒரு வருடம் பயிற்சி, முடித்தால் நேரே சயின்டிஃபிக் ஆபீசர் சி, ஊதிய நிலை 10, 56,100ல் தொடக்கம். பொதுப் பிரிவுக்கு வயது 26. இயற்பியல், வேதியியல், உயிர் அறிவியல் எல்லாம் உண்டு. எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்முகம். பெயரில் மட்டும் ஃபெல்லோ என்று வைத்துக்கொண்டு 30 வயது வரைக்கும் பேராசிரியருக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய_எஸ்ஆர்எஃப்: டீ நாங்கள் வாங்கிக் கொடுத்ததில்லை, அவர் வாங்கிக் கொடுத்தார். அதுவும் மாதக் கடைசியில். உதவித்தொகை மூன்று மாதம் சேர்ந்து வரும் காலம் அது.

கல்பாக்கம்_எஸ்ஓ: அண்ணே, கோபப்படாதீர்கள். உண்மையைத்தான் சொன்னேன்.

பழைய_எஸ்ஆர்எஃப்: உண்மை என்றால் முழுதாகச் சொல்லுங்கள். பயிற்சியில் மொத்தம் 50 சதவீதம் எடுக்காவிட்டால் வேலை கிடையாது. மூன்று வருடம் பணியாற்றப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில், எந்தப் பிரிவில் போடுகிறார்களோ அங்கே போக வேண்டும். வேதியியல் படித்தவருக்கு அவருக்குப் பிடித்த வேதியியலே கிடைக்கும் என்று இல்லை. அது வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சியை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அது உங்களைத் தேர்ந்தெடுத்தது.

சரி, வாத்தியாரின் தளர்வுக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், மீனா நீயும் பார். ஒருவர் ஜூன் 1993ல் பிறந்தவர், பொதுப் பிரிவு. 2015ல் எம்எஸ்சி முடிக்கிறார். அந்த வருடம் டிசம்பர் நெட்டில் ஜேஆர்எஃப். முடிவு வந்து, வழிகாட்டி தேடி, காரைக்குடி சிக்ரி மாதிரி ஓர் ஆய்வகத்தில் 2016 ஆகஸ்டில் சேர்கிறார். பட்டத்துக்கு, சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் படிப்பவர்களுக்குப் பட்டம் தரும் ஏசிஎஸ்ஐஆரில் பதிவு. இரண்டு வருடம் கழித்து வெளியாள் ஒருவர் உட்பட்ட குழு உட்கார்ந்து பார்த்து அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆக்குகிறது. ஐந்து வருட உதவித்தொகை 2021 ஆகஸ்டில் முடிகிறது. நடுவில் கொரோனாவால் ஆய்வகம் மூடிக் கிடந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க 2021 கடைசி, வாய்மொழித் தேர்வு முடிய 2022 நடுப்பகுதி. வயது 29. இதில் எங்கேயும் சோம்பேறித்தனம் இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

29ல் விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். விண்ணப்பிக்க விளம்பரம் வர வேண்டும். அது ஒவ்வொரு வருடமும் வராது. வந்தாலும் "வேதியியல், நான்கு இடம்" என்று வராது. இந்த இடம் சோடியம் அயனி மின்கலத்துக்கு, அந்த இடம் ஹைட்ரஜனுக்கு என்று துறை பிரித்து வரும். இவர் படித்தது உலோகம் அரித்துப்போகும் அரிமானம். இரண்டு வருடம் வெளியே போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்குப் போய்த் திரும்புகிறார், 2024 நடுவில் 31. அரிமானத்துக்கு விளம்பரம் வருகிறது, விண்ணப்பக் கடைசி நாள் 2025 செப்டம்பர். வயதை அந்தக் கடைசி நாளில்தான் பார்ப்பார்கள். ஜூனில் 32 முடிந்துவிட்டது. கதை முடிந்தது. ஐந்து வருடம் அதே கட்டடத்தில் ரசாயனம் கலக்கியவர் என்பதற்கு அங்கே ஒரு பெட்டி கூட இல்லை, டிக் அடிக்க.

நெட்_வாத்தியார்: நீங்கள் போட்டது ஒரு மோசமான உதாரணம். எல்லோரும் அரிமானமா படிக்கிறார்கள்? என் மாணவர் 34ல் சேர்ந்தார். நான் உண்மை ஆளைச் சொல்கிறேன், நீங்கள் கற்பனை ஆளைச் சொல்கிறீர்கள்.

பழைய_எஸ்ஆர்எஃப்: கற்பனை ஆளா! வருடங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், வாத்தியாரே. இன்னொன்றும் கேளுங்கள். ஒதுக்கீட்டுப் பிரிவில் இருந்தாலும் அந்தத் தளர்வு அந்தப் பிரிவுக்கு ஒதுக்கிய இடத்துக்குத்தான். பொது இடத்துக்கு விண்ணப்பித்தால் எஸ்சி, எஸ்டி, ஓபிசி யாருக்கும் 32தான். ஆகவே உங்கள் மாணவர் விண்ணப்பித்த துறையில் அந்த வருடம் இருந்த இடம் ஓபிசி இடமாக அமைந்தது. அதுவே பொது இடமாக அமைந்திருந்தால் உங்கள் விளம்பரப் பலகையில் இன்று அவர் படம் இருக்காது.

ராஜபாளையம்_கமலா: தம்பிகளா, என் மகன் ஜேஆர்எஃப். பெண் பார்க்கப் போகும் இடத்தில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். மத்திய அரசு ஆய்வகத்தில் இருக்கிறான் என்று சொன்னேன், சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் அவர்கள் சொந்தத்தில் ஒருத்தர் "நிரந்தரமா?" என்று கேட்டுவிட்டார். நான் என்ன சொல்ல வேண்டும்?

கல்பாக்கம்_எஸ்ஓ: படிக்கிறான் என்று சொல்லுங்கள் அக்கா. பொய் சொன்னால் கல்யாணத்துக்கு அப்புறம் வம்பு.

ராஜபாளையம்_கமலா: 27 வயதில் படிக்கிறான் என்றால் எங்கள் ஊரில் வேறு மாதிரி நினைப்பார்கள்.

நெட்_வாத்தியார்: அம்மா, சயின்டிஸ்ட் ஆகப் போகிறான் என்று சொல்லுங்கள். அதில் தவறில்லை.

பழைய_எஸ்ஆர்எஃப்: இப்படிச் சொல்லித்தான் வகுப்புக்குக் கட்டணம் வாங்குகிறீர்கள். நீங்கள் நடத்துவது நெட் பயிற்சி. பகுதி ஏ, பி, சி, எதிர்மதிப்பெண், எந்தக் கேள்வியை விட வேண்டும், அதெல்லாம் நன்றாகச் சொல்லித் தருவீர்கள் என்று நம்புகிறேன். அதற்கு அடுத்த நாளில் இருந்து நடப்பது உங்களுக்குத் தெரியாது. சயின்டிஸ்ட் தேர்வில் கேள்வித்தாளே கிடையாது. வந்த விண்ணப்பங்களைச் சலித்து, கட்டுரைகளையும் கூடுதல் தகுதியையும் பார்த்துச் சிலரைக் கூப்பிடுவார்கள், குழுவின் முன்னால் நேர்முகம், அவ்வளவுதான். ஐந்து வருடம் எந்த வழிகாட்டியிடம் உட்கார்ந்தோம், என்ன கட்டுரை வந்தது என்பதுதான் பேசும். நான் சேர்ந்த இடத்தில் உதவித்தொகை முடிந்ததும் திட்டப் பணியாளராக வைத்துக்கொண்டார்கள். "அடுத்த விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன அதே ஆள் தேர்வுக் குழுவுக்கு வேறொருவர் பெயரைச் சிபாரிசு செய்தார். சரி, அது என் கதை.

கல்பாக்கம்_எஸ்ஓ: இப்போது புரிகிறது, ஏன் இவ்வளவு கோபம் என்று.

பழைய_எஸ்ஆர்எஃப்: உங்களுக்குப் புரிந்தது போதும். 32 என்ற எண் என் கோபத்தால் மாறாது.

மீனா_எம்எஸ்சி: சார், ஒரு சந்தேகம். சயின்டிஸ்ட்டாகச் சேர்ந்தால் எவ்வளவு? அதற்காக இவ்வளவு காத்திருக்கலாமா?

பழைய_எஸ்ஆர்எஃப்: சிஎஸ்ஐஆரில் ஊதிய நிலை 11, அடிப்படை 67,700. கல்பாக்கத்துக்காரரை விட ஒரு படி மேலே தொடங்கலாம்.

கல்பாக்கம்_எஸ்ஓ: ஒரு படி மேலே, ஆறேழு வருடம் தாமதமாக. அதற்குள் நான் பதவி உயர்வில் அதே நிலைக்கு வந்துவிடுவேன், ஓய்வூதியக் கணக்கோடு. மீனா, 26க்குள் இருக்கும்போதே இரண்டு தேர்வையும் எழுது தங்கச்சி. எது முதலில் வருகிறதோ பார்.

பழைய_எஸ்ஆர்எஃப்: எழுதட்டும். ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைத்து எழுத வேண்டாம். ஒன்று வேலைக்கான தேர்வு, மற்றது படிப்புக்கான பணம்.

நெட்_வாத்தியார்: படிப்புக்கான பணம் என்று மட்டம் தட்டுகிறீர்கள். ஆய்வகத்துக்குள் போகாமல் யாராவது சயின்டிஸ்ட் ஆனதுண்டா?

பழைய_எஸ்ஆர்எஃப்: உண்டு. பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள், ஐஐடியில் இருந்து வந்தவர்கள், வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள். நான் முன்பே சொன்னேன், எம்டெக்கோடு கூட விண்ணப்பிக்கலாம். அவர்களெல்லாம் உங்கள் 34 வயது மாணவரோடு ஒரே வரிசையில்தான் நின்றார்கள். உள்ளே இருந்தவருக்கு என்று தனி வரிசை இல்லை. தளர்வு இருக்கிறது என்று இன்னும் சொல்கிறீர்கள் என்றால் அந்த விளம்பரப் பத்தியை அப்படியே இங்கே போடுங்கள்.

நெட்_வாத்தியார்: ஊருக்குப் போயிருக்கிறேன், கணினி கையில் இல்லை. திரும்பியதும் போடுகிறேன். 34ல் சேர்ந்தவரை நேரில் பேசவும் வைக்கிறேன்.

பழைய_எஸ்ஆர்எஃப்: அவரிடம் கேளுங்கள், எந்தப் பிரிவு இடம் என்று. அதை மட்டும் கேளுங்கள்.

ராஜபாளையம்_கமலா: தம்பி, மாதம் 42,000 என்று சொன்னீர்களே, அதில் வருமான வரி பிடிப்பார்களா? பெண் வீட்டில் அதையும் கேட்பார்கள்.