கன்சல்டன்சியிடம் "ரகசியமாக இருக்கட்டும்" என்று சொன்னால் போதுமா? உங்கள் அனுபவம் என்ன?

வாளையார் வாசி

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்துகொண்டே வேறு வேலை தேடினேன். இங்கே ஓர் ஆலையின் எச்.ஆர். மேலாளருக்கு அடுத்த ஆலையின் எச்.ஆர். பெரும்பாலும் பழைய சகா. கோவையிலிருந்து வரும் கம்பெனிப் பேருந்தில் காலையில் பேசியது மதியச் சாப்பாட்டுக்குள் அலுவலகம் வந்து சேர்ந்துவிடும். ஆகவே, கோவை கன்சல்டன்சி ஒன்றிலிருந்து ஒரு பெண் அழைத்தபோது, "எங்கள் கம்பெனியும் உங்கள் வாடிக்கையாளரா?" என்றுதான் முதலில் கேட்டேன். சற்றுத் தயங்கியவர், "ஆமாம் சார், ஆனால் அதை வேறொருவர் பார்க்கிறார்" என்றார். வேறொருவர் பார்த்தாலும் ரெஸ்யூமேக்கள் கிடப்பது ஒரே இடத்தில்தானே!

ரெஸ்யூமே அனுப்பும் முன் என் சொந்த மின்னஞ்சலிலிருந்து இப்படி எழுதினேன்: "எந்த நிறுவனத்துக்கு அனுப்புவதானாலும் அதன் பெயரைச் சொல்லி, என் ஒப்புதலை மின்னஞ்சலில் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். ஆஃபர் கடிதத்தை நான் ஏற்கும்வரை என் தற்போதைய நிறுவனத்தில் யாரையும் தொடர்புகொள்ளக் கூடாது." முதலில் கொடுத்த ரெஸ்யூமேயில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக, "பாலக்காடு மாவட்டத்தில் உள்ள வாகன உதிரிபாக நிறுவனம்" என்று மட்டும் போட்டேன். ஒப்புக்கொண்டு பதில் வந்தது. பிறகு அவர் சொன்ன இரண்டு நிறுவனங்களில் ஒன்றை மறுத்துவிட்டேன், ஏனெனில் அதன் உற்பத்தித் தலைவர் எங்கள் ஆலையிலிருந்து போனவர். வெறுமனே "ரகசியம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெயரே எனக்குத் தெரிய வந்திருக்காது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

இவ்வளவு எதற்கு அண்ணா? நௌக்ரியில் நம் கம்பெனியின் பெயரை பிளாக் செய்துவிட்டால் அவர்களுக்கு நம் விவரமே தெரியாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.

தடா பழைய ரெக்ரூட்டர்

ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். தம்பி சொல்வது பாதி சரி. பிளாக் செய்தால் உங்கள் நிறுவனத்தின் கணக்கில் தேடுபவர்களுக்குத் தெரியாது. ஆனால் கன்சல்டன்சி தன் சொந்தக் கணக்கில் பதிவிறக்கி அதே நிறுவனத்துக்கு அனுப்பினால் அந்தத் தடை எதுவும் செய்யாது. லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு. உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க முயல்வதாகவும், முழு உத்தரவாதம் தர இயலாது என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் பார்த்தவரையில் செய்தி அதிகம் கசிவது ரெக்ரூட்டரிடமிருந்து அல்ல. நேர்காணல் எடுக்கும் மேலாளர், "இந்தப் பையன் எப்படி?" என்று உங்கள் ஆலையில் இருக்கும் நண்பரை ஃபோனில் கேட்டுவிடுவார். ஆகவே உங்கள் நிபந்தனையை வாடிக்கையாளரிடமும் சொல்லச் சொல்லுங்கள். நேர்காணலின் முடிவில் நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். ரெஃபரன்ஸ் கேட்டால் முந்தைய நிறுவனத்து மேலதிகாரியின் பெயரைக் கொடுங்கள்.

அடுத்த கண்டம் பின்னணிச் சரிபார்ப்புப் படிவம். தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா என்று அதில் பொதுவாக ஒரு கேள்வி இருக்கும். "இல்லை" என்று குறித்து, ரிலீவ் ஆகும் தேதிக்குப் பிறகு கேட்கலாம் என்று எழுதுங்கள். அப்படியும் சரிபார்ப்பு நிறுவனத்தில் ஒரு புதுப் பையன் படிவத்தைப் பார்க்காமலே எச்.ஆருக்கு மின்னஞ்சல் தட்டிவிட்டதை நான் கண்டிருக்கிறேன். ஆஃபர் கடிதம் கைக்கு வரும்முன் அந்தப் படிவத்தைக் கேட்டால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

சித்தூர் டீச்சர்

நான் வேலை செய்யும் தனியார் பள்ளியில் என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவற்றைக் கேட்டாலே வேறு பள்ளிக்குப் போகிறேன் என்று தெரிந்துவிடும். இதை எப்படி ரகசியமாக வைப்பது?

தடா பழைய ரெக்ரூட்டர்

மேடம், இதில் ரெக்ரூட்டர் செய்ய ஒன்றும் இல்லை. புதிய பள்ளி இப்போதைக்கு நகல்களைப் பார்த்துக்கொண்டு, அசலைச் சேரும் நாளில் பார்க்கச் சம்மதிக்குமா என்று கேளுங்கள். சம்மதித்தால், ராஜினாமா கொடுத்த பிறகு அசலைக் கேட்டால் போதும்.

பாலக்காடு வழக்கறிஞர்

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை மையமாகக் கொண்டதுதான். ஆனால் ஃபோனில் கேட்ட ஒரு வார்த்தையை யார் கசியவிட்டார் என்று நிரூபிப்பது கடினம். வாளையார் வாசி வாங்கி வைத்திருக்கும் அந்தப் பதில் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பெனியின் பெயரே இல்லாத ரெஸ்யூமேயை யார் திறந்து பார்ப்பார்கள்?

தடா பழைய ரெக்ரூட்டர்

டெக்னீஷியன், டிரெய்னி வேலைகளுக்குப் பல இடங்களில் ஒதுக்கிவிடுவார்கள். மேலாளர் பதவிக்கு ரெக்ரூட்டர் ஃபோனில் பேசிப் புரியவைத்தால் எடுப்பார்கள்.

வாளையார் வாசி

எனக்கு இரண்டும் நடந்தது. முதலில் பெயர் வேண்டும் என்றார்கள்; நேர்காணல் தேதி உறுதியான பிறகு தருகிறேன் என்று அந்தப் பெண் மூலமாகச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். இளநிலைப் பதவியாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!