மழை தூறினால் கரண்ட் போகிறது

கார்த்தி: தூறல் தொடங்கியதிலிருந்து கடையில் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது. கார்டு மிஷினும் இரண்டு போனும்தான் சார்ஜில் இருக்கின்றன. இந்த லோடைக்கூடத் தாங்காதா?

பானு அக்கா: பெரிய ஆம்பியரில் மாற்றிவிடு.

முருகேசன் மாமா: லோடுக்கு விழுவது எம்சிபி, அம்மா. ஆர்சிசிபி பார்ப்பது வேறு. பேஸில் போனதெல்லாம் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்பதுதான் அதன் கணக்கு. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் விழுந்தே ஆக வேண்டும். 15ஐத் தாண்டினாலே விழலாம்.

ரவி: சார்ஜர்கள் எல்லாமே கொஞ்சம் கசியும் அல்லவா?

முருகேசன் மாமா: உண்மைதான். ஆனால் போன் சார்ஜரில் எர்த் பின் இணைப்பே இருக்காது, கசிவு மிகவும் சொற்பம். இரண்டு டஜன் லேப்டாப் மாட்டியிருந்தால் உன் சந்தேகம் சரி. கார்த்தி, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஏற்றிப் பார். சுவிட்சை அணைத்தால் போதாது. நியூட்ரல் ஈரத்தில் எர்த்தோடு சேர்ந்தாலும் அது விழும்.

செல்வி: என் பவர் பேங்க் மெதுவாக ஏறுவதும் இதனால்தானா மாமா?

முருகேசன் மாமா: அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை செல்வி. ஆனால் நல்ல யோசனை. கார்த்தி, இப்போதைக்குக் கார்டு மிஷினைப் பவர் பேங்கில் ஓட்டு.

கார்த்தி: எல்லாவற்றையும் பிடுங்கியும் நிற்கவில்லை. எக்ஸ்டென்ஷன் கேபிளையே கழற்றியதும் நின்றுவிட்டது! அதன் இணைப்பு புல்லில் கிடந்திருக்கிறது, கவிழ்த்தால் தண்ணீர் கொட்டுகிறது. சாக்கெட் பெட்டியில் தண்ணீர் புகாது என்று ஐபி66 போட்டிருக்கிறதே?

முருகேசன் மாமா: பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு.

கார்த்தி: 📷

முருகேசன் மாமா: பார், குண்டு அடாப்டர் முட்டி மூடி பாதி திறந்திருக்கிறது. மூடி மூடியிருந்தால்தான் அந்த 66. பிளக் மட்டும் உள்ளே இருக்கட்டும். வயர் கீழ்ப் பள்ளம் வழியாக வரட்டும். மூடி 'டக்' என்று விழ வேண்டும். அடாப்டர்களைக் கடைக்குள் மேசை மேல் வை, துணி போட்டு மூடாதே, சூடாகும். பெட்டிக்குப் போகும் வயர் கொஞ்சம் தொங்கி மேலேறட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பானு அக்கா: இன்று ஒருநாள் ஆர்சிசிபி இல்லாமல் நேராகக் கொடுத்தால் என்ன? வியாபாரம் போகிறதே.

முருகேசன் மாமா: கடைச் சட்டம் இரும்பு, தரை ஈரம். அந்தச் சட்டத்தில் பேஸ் ஏறி ஒருவர் தொட்டால், அவர் உடம்பு வழியாக ஓடுவது எம்சிபியை அசைக்கக்கூடச் செய்யாது. ஆளைத்தான் சாய்க்கும்.

பானு அக்கா: ஐயோ, வேண்டாம்.

ரவி: அந்த இணைப்பை உலர்த்தி மாட்டலாமா?

முருகேசன் மாமா: திறந்து பார்க்காமல் சொல்ல மாட்டேன். இன்று வேண்டாம்.

கார்த்தி: இணைப்பே இல்லாத ஒரே நீளக் கேபிள் போட்டேன், நிற்கிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. ஆனால் பக்கத்துக் கடைக்கும் இதே ஆர்சிசிபிதான். அங்கே கசிந்தால் எனக்கும் போகுமா?

முருகேசன் மாமா: போகும். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக வைக்கச் சொல்லிக் கேள்.

கார்த்தி: கேட்டேன். நாளை பார்க்கலாம் என்கிறார்கள்.